ஐந்து வேலைக்கு ஒரே வினைமுற்று: பராமரிப்புப் படிகளைத் தமிழில் எழுதும்போது

கேள்வி: கஞ்சிக்கோட்டில் ஒரு சின்ன தொழிற்சாலையில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். எங்கள் ஃபிட்டர்கள் வாளையார், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழர்கள். ஸ்க்ரூ கம்ப்ரசரின் மேனுவல் கட்டுப்படுத்திய எளிய ஆங்கிலத்தில் இருக்கிறது. அதை நான்தான் தமிழாக்கினேன். ‘மெயினை அணைத்து, பூட்டுப் போட்டு, டெலிவரி வால்வை அடைத்து, பிரஷரை இறக்கி ஆயில் ஃபில்டரைக் கழற்றவும்’ என்று எழுதியிருந்தேன். படித்தவர்கள் நல்ல தமிழ் என்றார்கள். ஆனால் ஒருவர் பிரஷர் இறங்கும் முன்பே ஃபில்டரில் ரெஞ்சைப் போட்டுவிட்டார், நல்ல வேளையாக இன்னொருவர் தடுத்தார். எங்கே தப்பு?

பதில்: அந்த நல்ல தமிழில்தான். ‘அணைத்து, போட்டு, அடைத்து, இறக்கி’ என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போவது நமக்கு இயல்பு, கதை சொல்ல அது அருமையாக உதவும். ஆனால் அந்த வரியில் கட்டளையாக ஒலிப்பது கடைசியில் வரும் ‘கழற்றவும்’ ஒன்றுதான். மற்ற நான்கும் ஏற்கெனவே முடிந்துபோன வேலைகள் மாதிரி கடந்து போகின்றன. பலமுறை இதே வேலையைச் செய்த ஃபிட்டர் வரி முழுவதையும் படிக்க மாட்டார், கண் நேராகக் கடைசிச் சொல்லுக்குப் போகும்.

உங்கள் மேனுவல் எழுதப்பட்ட எளிய ஆங்கிலம் 1980களில் ஐரோப்பிய விமானத் துறையில், விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக உருவானது. இன்று அதற்கு ஏ.எஸ்.டி.–எஸ்.டி.இ.100 என்று பெயர். அதன்படி செய்முறை வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது, ஒரு வாக்கியத்தில் ஒரே ஒரு கட்டளைதான் இருக்க வேண்டும். இதற்கு ஒரு விலக்கு உண்டு: இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்ய வேண்டியிருந்தால் மட்டும் ஒரே வாக்கியத்தில் சேர்க்கலாம். இந்த விலக்கு தமிழுக்கு ரொம்ப வசதி. மூலத்தில் இரண்டு வேலை ஒரே வாக்கியத்தில் வந்தால் ‘பிடித்துக்கொண்டு திருகுங்கள்’ என்று ‘கொண்டு’ போட்டு எழுதுங்கள். தனித்தனி வாக்கியமாக வந்தால் வினையெச்சத்தால் இணைக்கவே வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் ஒரு வினைமுற்று கொடுங்கள்.

உங்கள் ஒரு வரியைப் பிரித்தால் ஏறக்குறைய இப்படி வரும்:

1. ஸ்டாப் பட்டனை அழுத்துங்கள். மோட்டார் நிற்கும் வரை காத்திருங்கள்.
2. மெயின் ஐசோலேட்டரை ஆஃப் நிலைக்குத் திருப்புங்கள்.
3. ஐசோலேட்டரில் உங்கள் பூட்டைப் போடுங்கள். டேக்கைக் கட்டுங்கள்.
4. டெலிவரி வால்வை அடையுங்கள்.
5. வென்ட் வால்வை மெதுவாகத் திறந்துவிடுங்கள்.
6. செப்பரேட்டர் டேங்க் கேஜைப் பாருங்கள். முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் படி 7-க்குப் போகக் கூடாது.

எச்சரிக்கை: டேங்க் கேஜ் பூஜ்யம் காட்டும் வரை ஆயில் ஃபில்டரைத் திருகக் கூடாது. உள்ளே சூடான ஆயில் பிரஷரோடு இருக்கிறது. பீய்ச்சியடித்தால் முகமும் கையும் வெந்துவிடும்.

7. ஸ்ட்ராப் ரெஞ்சால் ஃபில்டரைக் கழற்றுங்கள்.

ஆறாவது படியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ‘பிரஷரை இறக்கி’ என்ற உங்கள் ஒற்றைச் சொற்றொடரில் மூன்று விஷயம் காணாமல் போயிருந்தது: எதைத் திறப்பது, எந்தக் கேஜைப் பார்ப்பது, முள் இறங்காவிட்டால் என்ன செய்வது. கம்ப்ரசரை நிறுத்திய உடனே டேங்கில் இருக்கும் பிரஷர் போய்விடாது, வடிய நேரம் எடுக்கும். டெலிவரி வால்வை அடைத்த பிறகு, அதற்கு அப்பால் பைப் லைனில் இருக்கும் கேஜ் டேங்கைப் பற்றி எதையும் சொல்லாது. லைன் காலியாக இருந்தால் அது பூஜ்யம் காட்டும், டேங்கோ நிறைந்திருக்கும். அதனால்தான் கேஜின் பெயரை முழுசாக எழுத வேண்டும். மூலத்தில் ‘பூஜ்யம் என்று உறுதி செய்’ என்ற பொருளில் இருப்பதை ‘உறுதி செய்யவும்’ என்று மட்டும் போட்டால், ஆள் மனசுக்குள்ளேயே உறுதி செய்துகொண்டு போய்விடுவார். கண்ணால் பார்க்கிற வேலையாக எழுதுங்கள்.

‘வென்ட்டைத் திறப்பதற்கு முன் டெலிவரி வால்வை அடைக்கவும்’ மாதிரியான வரிகளிலும் இதே ஆபத்து இருக்கிறது. இலக்கணப்படி சரிதான், ஆனால் காதில் முதலில் விழுவது வென்ட். ‘முதலில் டெலிவரி வால்வை அடையுங்கள். அப்புறம் வென்ட்டைத் திறந்துவிடுங்கள்’ என்று கை போக வேண்டிய வரிசையில் எழுதுங்கள். இரண்டு வாக்கியமானாலும் படி எண்ணை மாற்ற வேண்டாம். லாக் புத்தகமும் மேனுவலின் மற்ற பக்கங்களும் அந்த எண்ணைத்தான் குறிப்பிடுகின்றன.

அப்புறம் எச்சரிக்கைகள். இவற்றையெல்லாம் திரட்டி முதல் பக்கத்தில் போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்படிச் செய்யாதீர்கள், ஒவ்வொன்றும் தன் படிக்கு நேர் மேலே நிற்க வேண்டும். முதலில் கட்டளை, பிறகு காரணம். ‘சூடான ஆயில் பீய்ச்சியடித்துக் காயம் ஏற்படக்கூடும் என்பதால்...’ என்று தொடங்கினால் ‘கூடாது’ வருவதற்குள் வாசகர் களைத்துவிடுவார். தமிழில் மறுப்பு கடைசியில்தான் வரும், அதனால் எச்சரிக்கையின் முதல் வாக்கியம் குட்டையாக இருக்கட்டும். பிரிண்ட் எடுக்கும்போது ‘கூடாது’ மட்டும் தனியே அடுத்த வரிக்கு இறங்கிவிடாமல் பாருங்கள். ‘திருகக்’ என்பதோடு ஒரு வரி முடிந்தால் அவசரக் கண்ணுக்கு அது திருகச் சொல்வதாகத்தான் படும். வேர்டில் அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் Ctrl+Shift+Space அழுத்தினால் அவை பிரியாது.

ஆளுக்கு ஆபத்து என்றால் ‘எச்சரிக்கை’, மெஷினுக்குச் சேதம் என்றால் ‘கவனம்’. இரண்டையும் கலக்காதீர்கள். புதிய ஃபில்டரை முடுக்க ரெஞ்ச் பயன்படுத்தக் கூடாது, கேஸ்கெட் நசுங்கி ஆயில் ஒழுகும் என்பது ‘கவனம்’. கேஸ்கெட் தொட்ட பிறகு கையால் அரை முதல் முக்கால் சுற்று என்பது பல ஃபில்டர்களுக்கு வரும் அளவு, நீங்கள் உங்கள் மேனுவலில் உள்ள எண்ணையே போடுங்கள். சில நிறுவனங்கள் இந்தச் சொற்களை வேறு விதமாக வகுப்பதுண்டு, சிறு காயத்தையும் இரண்டாவது வகையில் சேர்க்கும். அதனால் மேனுவலின் முன்பக்கத்தில் உள்ள விளக்கத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.

எழுதி முடித்ததும் ஏவல் வினைகளை எண்ணுங்கள். மேலே உள்ள ஏழு படியில் ஒன்பது இருக்கின்றன, உங்கள் பழைய வரியில் ஒன்றுதான் இருந்தது. மூலத்தின் எண்ணிக்கையும் உங்களுடையதும் ஒத்துப்போகாவிட்டால் ஏதோ ஒரு படி இன்னொன்றுக்குள் ஒளிந்துவிட்டது என்று அர்த்தம்.

உங்கள் பக்கத்தில் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் மலையாளம் படித்தவர்கள் இருப்பார்கள். அவர்கள் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்கள். அப்படி ஒருவரிடம் தாளைக் கொடுங்கள். கம்ப்ரசர் நின்று, பூட்டிட்டு, பிரஷர் இறங்கிய நிலையில் இருக்கட்டும். நீங்கள் வாயைத் திறக்காமல், ஒவ்வொரு படிக்கும் அவர் கை எந்தப் பாகத்தைத் தொட்டுக் காட்டுகிறது என்று மட்டும் பாருங்கள். தயங்கினாலும் தவறான வால்வுக்குப் போனாலும் அந்த வரியைத்தான் திருத்த வேண்டும். அவர் அந்தப் பாகத்துக்கு என்ன பெயர் சொல்கிறாரோ அதைக் குறித்துக்கொண்டு, தாள் முழுக்க அந்த ஒரே பெயரைப் போடுங்கள். வால்வுக்கு ‘மூடு’ என்பதைவிட ‘அடை’ உங்கள் ஊரில் நன்றாக எடுபடும், மலையாளத்திலும் அதே சொல்தான்.