எடை கம்மியா, உயரம் கம்மியா?

"பையனுக்கு 2 வயசு, 9.5 கிலோ, 80 செ.மீ. வயசு-எடை சார்ட்ல -2 கோட்டுக்கு கீழ வருது, ஆனா பாக்க ஒல்லியா இல்ல. எடை கம்மியா?"

வயசுக்கு கம்மிதான், வழக்கமான அளவோட கீழ் எல்லையான அந்த -2 கோடு 9.7 கிலோகிட்ட வரும், ஆனா மெலிஞ்ச குழந்தைன்னு அதுக்கு அர்த்தமில்ல.

உயரம் கம்மியா இருக்கறதாலதான் இப்படி வரும்னு தோணுது, 2 வயசு பையனுக்கு உயரத்துல -2 கோடே 81.7 செ.மீ. பக்கம்.

உயரத்துக்கேத்த எடை சார்ட்ல 80-க்கு நேரா பாருங்க, அங்க -2 கோடு சுமார் 9 கிலோ, இவன் அதுக்கு மேலதான். குண்டா இருக்கானான்னு பாக்கவும் இதே சார்ட்தான், வயசு-எடை சார்ட் அதுக்கு உதவாது.

முதல்ல திரும்ப படுக்கவச்சு அளந்துடுங்க, நிக்கவச்சு அளந்தா 0.7 செ.மீ. குறையும். அப்பவும் உயரம் கோட்டுக்கு கீழன்னா பழைய அளவுகளோட டாக்டர்கிட்ட காட்டணும், ஒத்த புள்ளிய வச்சு முடிவு பண்ண முடியாது, குறைமாசத்துல பொறந்திருந்தா கணக்கே வேற.