வரிக் கோடு எங்கே தப்புகிறது: காரைக்குடி வட்டாரக் கடைக்காரர்களுக்குக் கேள்வி பதில்

"கானாடுகாத்தானில் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துகிறோம். பெங்களூரு கம்பெனிக்காரர் இரண்டு நாள் தங்கினார், சாஃப்ட்வேர் ஐஜிஎஸ்டி போட்டுவிட்டது. சரிதானே?"

இல்லை அக்கா. கஸ்டமர் மாஸ்டரில் அவர் ஜிஎஸ்டி எண் 29-ல் ஆரம்பிக்கிறது, உங்களுடையது 33, அதைப் பார்த்து சாஃப்ட்வேர் வேறு மாநிலம் என்று முடிவு பண்ணிவிட்டது. ஆனால் அறை வாடகைக்கு விருந்தாளியின் ஊரைப் பார்ப்பதில்லை, கட்டடம் நிற்கிற இடம்தான் கணக்கு. ஒரு நாளைக்கு 6,000 என்றால் இரண்டு நாளுக்கு 12,000, அதற்கு 5 சதவீதம் 600 ரூபாய், அதை சிஜிஎஸ்டி 300, எஸ்ஜிஎஸ்டி 300 என்று பிரித்துப் போட வேண்டும். தொகை ஒன்றுதான் என்பதால் யார் கண்ணிலும் படாது, ரிட்டர்ன் போடும்போதுதான் தெரியும்.

பில்லுக்குப் பில் கையால் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். அறைக்கென்று தனி ஐட்டம் வைத்து, அறை பில் போடுகிற வவுச்சரில் `Place of Supply` எப்போதும் தமிழ்நாடு என்று நிறுத்திவிடுங்கள். சாஃப்ட்வேரில் வரிக் கோடு இரண்டு வேண்டும்:

```
ROOM-5   SAC 996311  CGST 2.5 + SGST 2.5
ROOM-18  SAC 996311  CGST 9   + SGST 9
```

ஓர் அறைக்கு ஒரு நாள் 7,500 வரை முதல் கோடு, அதற்கு மேலே போனால் இரண்டாவது. பெரிய அறைக்கு 18, சின்ன அறைக்கு 5 என்று அறையின் பேரில் கட்டிவைக்கிறார்கள், அது தப்பு. அன்றைக்கு வாங்குகிற விலைதான் கோட்டைத் தீர்மானிக்கும். பொங்கல் சமயத்தில் அதே அறையை 7,800-க்கு விட்டால் முழுத் தொகைக்கும் 18. ஒன்று கவனம்: 5 சதவீதத்தில் விடுகிற அறைக்காக வாங்கிய சாமானுக்கு வரி கிரெடிட் எடுக்க முடியாது, 2025 செப்டம்பர் 22-லிருந்து அப்படித்தான்.

"அப்போ சேவை என்றாலே உள்ளூர் வரிதான், பொருளுக்குத்தான் ஐஜிஎஸ்டி. எல்லாச் சேவைக்கும் தமிழ்நாடு என்றே செட் பண்ணிவிட்டேன்."

பாதிதான் சரி தம்பி. நிலம், கட்டடம் சம்பந்தப்பட்ட சேவைக்கு அப்படி. அதனால் தேவகோட்டை வீட்டைப் புதுப்பிக்க வரைபடம் போட்டுக் கொடுத்தால், உரிமையாளர் கொச்சியில் இருந்தாலும் வீடு இங்கேதான். ஆனால் ஜிஎஸ்டி எண் வைத்திருக்கிற கொச்சிக்காரருக்கு லோகோ டிசைன் செய்தால் அது அவர் இருக்கிற இடத்துக்குப் போகும், ஐஜிஎஸ்டி. ஒரே வகைக்குள் எல்லாவற்றையும் அடைத்ததை இன்றைக்கே பிரித்துவிடுங்கள்.

"ஆத்தங்குடி கல் அனுப்புகிறோம். லாரி வாடகையைத் தனி வரியில் காட்டி அதற்கு 5 போடுகிறோம், லாரி வாடகைக்கு 5 தானே?"

லாரிக்காரர் உங்களுக்குப் போடுகிற பில் வேறு, நீங்கள் கல்லோடு சேர்த்து வாங்குகிற வாடகை வேறு. கொண்டுபோய்ச் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டு ஒரே பில்லில் போட்டால் அது கல் விற்பனையின் பகுதி, கல்லுக்குள்ள வரிதான் அதற்கும். கல் 40,000, வாடகை 4,000 என்று வையுங்கள். 44,000-க்கு 18 சதவீதம் 7,920. உங்கள் முறையில் 7,200-ம் 200-ம் சேர்ந்து 7,400 வரும், ஒரு லோடுக்கு 520 குறைகிறது. வாடகை லெட்ஜரில் சொந்த வரி விகிதம் வைக்காமல், பில்லில் உள்ள பொருளின் விகிதப்படி பிரிந்து சேரும்படி அமைத்தால் போதும்.

"எங்களுக்கும் கல் வியாபாரம்தான். சென்னை கம்பெனி ஆர்டர், சரக்கு அவர்கள் சொல்கிறபடி நேரே மைசூருக்கு. லாரி எல்லை தாண்டுவதால் ஐஜிஎஸ்டி போடுகிறோம்."

ஆர்டர் கொடுத்துப் பில் வாங்குகிற சென்னைக்காரர் இடம்தான் கணக்கு, லாரி எங்கே போகிறது என்பதில்லை. உங்களுக்கும் அவருக்கும் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி. சாஃப்ட்வேர் `Ship To` முகவரியிலிருந்து மாநிலத்தை எடுத்தால் அதை `Bill To`-வுக்கு மாற்றுங்கள். இது ஆர்டர் கொடுத்து நடுவில் இருப்பவர் ஜிஎஸ்டி பதிவுள்ளவராக இருக்கும்போதுதான்.

"கண்டாங்கி கடை. கேரளத்து அம்மா ஒருவர் கடைக்கே வந்து சேலை வாங்கிக் கையில் எடுத்துப் போனார், ஜிஎஸ்டி எண் இல்லை. அவர் கேட்டார் என்று பில்லில் அவர் முகவரியை எழுதினேன், ஐஜிஎஸ்டி ஆகிவிட்டது. ஆடிட்டர் தப்பு என்கிறார்."

2023 அக்டோபர் 1 முதல் பதிவில்லாதவருக்குப் பொருள் விற்றால், பில்லில் எழுதிய முகவரிதான் இடம். மாநிலத்தின் பெயர் இருந்தாலே போதும். முகவரி எழுதவில்லை என்றால் உங்கள் கடைதான் இடம். எழுத்துப்படி உங்கள் சாஃப்ட்வேர் செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். ஆடிட்டர் சரக்கு கைமாறிய இடத்தைப் பார்க்கிறார், அப்படிச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவரிடம் இந்த மாற்றத்தைக் காட்டிப் பேசிவிட்டு ஒரே வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், ஆளுக்கொரு மாதிரி போடாதீர்கள்.

"கானாடுகாத்தான் அக்காதான் மறுபடியும். மூன்று மாதமாக ஐஜிஎஸ்டி கட்டிவிட்டேனே, வட்டி போடுவார்களா?"

வட்டி இல்லை. சரியான தலைப்பில் மறுபடி கட்டிவிட்டு, தவறாகக் கட்டியதைத் திரும்பக் கேளுங்கள், சரியாகக் கட்டிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள். அதுவரை உங்கள் கைப்பணம் முடங்கும், அதுதான் கஷ்டம். பெங்களூருக்காரருக்கும் இன்றே சொல்லிவிடுங்கள். அவர் அந்த ஐஜிஎஸ்டியைக் கிரெடிட் எடுத்திருந்தால் திருப்ப வேண்டியிருக்கும், தமிழ்நாட்டு எஸ்ஜிஎஸ்டி அவருக்குக் கிரெடிட்டாக வராது. முதலில் ஒரு பழைய பில்லை எடுத்து, வரிக் கோட்டை மாற்றிய பிறகு அதே தொகையில் டம்மி பில் போட்டுப் பாருங்கள், 300-ம் 300-மாகப் பிரிகிறதா என்று.