ஹோட்டல் ஊழியர்களுக்கான பாலியல் தொல்லை தடுப்புக் கொள்கையில் என்ன எழுத வேண்டும்?

"எங்கள் ஹோட்டலுக்கு இப்படி ஒரு கொள்கை எழுதச் சொல்கிறார்கள். புகாரை யார் வாங்குவது, எப்படி விசாரிப்பது?"

எது தொல்லை, யாரிடம் சொல்வது, சொன்னபின் என்ன நடக்கும் என்பதை முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் கொள்கை. ஹோட்டலில் தொல்லை விருந்தினரிடமிருந்தும் வரும். பலர் எழுத மறப்பது இதைத்தான்.

அறையைச் சுத்தம் செய்யப் போன பெண்ணின் கையை விருந்தினர் பிடிக்கிறார் என்று வையுங்கள். தள்ளுவண்டியை அங்கேயே விட்டு அவர் வெளியேறலாம், அதற்காகச் சம்பளம் பிடிக்கப்படாது என்று கொள்கையில் இருக்கட்டும். நடைவழி சிசிடிவி பதிவை அன்றே எடுத்து வைக்க வேண்டும், சில வாரங்களில் அழிந்துவிடும். போலீசில் புகார் தர அவர் விரும்பினால் உதவுவது நிர்வாகத்தின் கடமை.

தொல்லை தந்தவர் ஊழியர் என்றால், 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி ஹோட்டலின் உள்ளகக் குழு விசாரிக்கும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழு கட்டாயம். தலைவர் மூத்த பெண் ஊழியர், வெளியிலிருந்து ஓர் உறுப்பினர், குறைந்தது பாதிப் பேர் பெண்கள். புகார் சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள், எழுத்தில். எழுத முடியாதவருக்குக் குழுவே உதவ வேண்டும். விசாரணைக்கு 90 நாள்.

புகாருக்குத் தேதி போட்ட ரசீது கொடுங்கள். சமையலறைக்குப் போகும் ஆர்டர் சீட்டு மாதிரிதான்: சீட்டு இல்லையென்றால் யார், எப்போது சொன்னார் என்பதே தகராறாகிவிடும்.

அப்புறம், நிரூபிக்க முடியாவிட்டால் புகார் தந்தவருக்குத் தண்டனை என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டுமென்றே பொய்ப்புகார் தந்தது விசாரணையில் உறுதியானால் மட்டுமே நடவடிக்கை.