மூன்றாவது மேசையில் ஏன் குவிகிறது?

கேள்வி: ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்து டேபிள் ஃபேன் பூட்டுகிறோம். இடைவேளை போக 450 நிமிட வேலை. 450 ஃபேன் வேண்டும், 310-ஐத் தாண்டவில்லை. மூன்றாவது மேசையில் எப்போதும் குவிந்து கிடக்கிறது, நாலாவது ஆள் சும்மா நிற்கிறார். மூன்றாவது மேசைக்கு இன்னொரு ஆளைப் போடலாமா? ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தை எழுதி இணைத்திருக்கிறேன்.

பதில்: போட்டால் சரியாகிவிடும்தான். ஆனால் ஐந்து பேரே முடிக்கக்கூடிய வேலைக்கு ஆறு பேர் ஆகிவிடும். அதற்கு முன் உங்கள் தாளை ஒரு தடவை பார்த்துவிடுவோம்.

450 நிமிடத்தில் 450 ஃபேன் என்றால், நிமிடத்துக்கு ஒன்று வெளியே வர வேண்டும். இந்த 60 விநாடியைத்தான் டாக்ட் டைம் என்கிறார்கள். எந்த மேசையிலும் வேலை இதைத் தாண்டக் கூடாது. உங்கள் மூன்றாவது ஆளுக்குப் பின் கிரில் 15, இறக்கை 10, முன் கிரில் 20, வயரிங் 40, ஆக 85 விநாடி. அந்த வேகத்தில் நாள் முழுக்க ஓடினாலும் 317 ஃபேன்தான் வரும். மற்ற நாலு பேர் எவ்வளவு சுறுசுறுப்பாக இருந்தாலும் இது மாறாது. இரண்டாவது ஆள் வேகம் காட்டினால் குவியல்தான் உயரும்.

மொத்த வேலை 240 விநாடி. ஐந்தால் வகுத்தால் ஆளுக்கு 48. ஆகவே இடம் இருக்கிறது. பிரித்த விதம்தான் சரியில்லை. ஆனால் இஷ்டத்துக்குப் பிரிக்கவும் முடியாது. ஸ்டாண்டைப் பூட்டாமல் மோட்டாரும் சுவிட்சும் ஏறாது. மோட்டாருக்குப் பிறகு பின் கிரில், இறக்கை, முன் கிரில் என்று ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டும். வயரிங்குக்கு மோட்டாரும் சுவிட்சும் இரண்டும் இருக்க வேண்டும். எல்லாம் முடிந்தால்தான் டெஸ்டிங், அப்புறம் பேக்கிங். முதலில் இதைப் பேப்பரில் அம்புக்குறி போட்டு வரைந்துகொள்ளுங்கள்.

இதற்கு 1961-இல் ஹெல்கெசன், பர்னி என்ற இருவர் சொன்ன எளிய வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு வேலையின் நேரத்தோடும், அது முடியக் காத்திருக்கும் எல்லா வேலைகளின் நேரத்தையும் கூட்டுங்கள். அதுதான் அந்த வேலையின் எடை. மோட்டாருக்கு 195 வரும், சுவிட்சுக்கு 140, பின் கிரிலுக்கு 120, வயரிங்குக்கு 115. எடை கூடிய வேலையிலிருந்து தொடங்கி, 60 விநாடிக்குள் அடங்கும்வரை மேசையை நிரப்புங்கள். ஒரு வேலை அடங்காவிட்டால், அம்புக்குறி அனுமதிக்கும் அடுத்த வேலையைப் போட்டுப் பாருங்கள்.

அப்படிச் செய்தால் முதல் மேசையில் ஸ்டாண்டு 20, மோட்டார் 35. இரண்டாவதில் சுவிட்ச் 25, பின் கிரில், இறக்கை, மொத்தம் 50. மூன்றாவதில் வயரிங்கும் முன் கிரிலும் சேர்ந்து சரியாக 60. நாலாவதில் டெஸ்டிங் 30, ஐந்தாவதில் பேக்கிங் 45.

கணக்குப்படி 450 வந்துவிட்டது. ஆனால் எனக்கு இந்த மூன்றாவது மேசை பிடிக்கவில்லை. மற்ற வேலைகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடியும், வயரிங் அப்படியில்லை. சராசரி 40 என்று நீங்கள் எழுதினாலும், ஒரு வயர் நுழையாமல் அடம்பிடித்தால் 55 கூட ஆகும். அங்கே மூச்சுவிட இடமே வைக்காவிட்டால் மறுபடியும் அதே மேசையில்தான் குவியும். முன் கிரிலைத் தூக்கி டெஸ்டிங் ஆளிடம் கொடுத்துவிடுங்கள். எப்படியும் கிரிலை மூடிய பிறகுதான் ஃபேனை ஓட்டிப் பார்க்க வேண்டும். இப்போது 55, 50, 40, 50, 45. அதிகம் 55 என்பதால் கணக்குப்படி 490 வரை போகலாம். அந்த 40 தான் உங்களுக்குக் காப்பு.

நீங்கள் யாரை வைத்து நேரம் பார்த்தீர்கள் என்று எழுதவில்லை. கைதேர்ந்த ஆளை ஒரே ஒரு தடவை அளந்திருந்தால் இந்தக் கணக்கெல்லாம் பொய்யாகிவிடும். அந்தந்த மேசையில் தினமும் உட்காருபவரையே, ஒவ்வொரு வேலைக்கும் பத்துத் தடவையாவது அளந்து பாருங்கள்.

மாற்றிய பிறகு முதல் மேசையைக் கவனியுங்கள். இனி பெரிய வேலை அங்கேதான். அங்கே சறுக்கினால் குவியலாகத் தெரியாது. இரண்டாவது ஆள் கைகட்டிக் காத்திருப்பார், அதுதான் அடையாளம். இன்னொன்று, கிரில் ஸ்குருவும் ஸ்குருடிரைவரும் நாலாவது மேசைக்கே போக வேண்டும். அவர் ஒவ்வொரு தடவையும் மூன்றாவது மேசைக்கு எழுந்து போய் ஸ்குரு எடுத்து வந்தால், 50 என்பது 60 ஆகிவிடும்.