மின்கம்பத்தில் ஏறுபவருக்கு ஏன் அவ்வளவு சம்பளம்?

“அண்ணா, ஸ்காபரோவுக்கு வந்து ஐந்து மாதம். ஊரில் பி.கொம் முடித்தனான். இப்ப வேர்ஹவுஸில் மணிக்கு 19 டொலர். பக்கத்து வீட்டுக்காரர் கரண்ட் லைன் வேலை, பன்னிரண்டாம் வகுப்புத்தானாம், என்னைவிட மூன்று மடங்கு எடுக்கிறார். நானும் உடம்பு முறியத்தானே வேலை செய்யிறன்?”

தம்பி, உடம்பு முறிவதற்கு இங்கே தனி விலை கிடையாது. நீங்கள் நாளைக்கு வராவிட்டால் உங்கள் இடத்துக்கு ஆள் பிடிக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யோசியுங்கள். ஏஜென்சிக்கு ஒரு போன், காலையில் வருபவர் மத்தியானமே ஸ்கேனரோடு ஓடித்திரிவார். அதனால்தான் உங்கள் சம்பளம், 2025 ஒக்டோபரில் 17.60 டொலராக்கப்பட்ட ஒன்ராறியோவின் குறைந்தபட்சச் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.

பக்கத்து வீட்டுக்காரரின் தொழிலுக்கு ஏறத்தாழ 8,000 மணித்தியாலப் பயிற்சி, அதாவது நாலு வருடம். பயிற்சிச் செலவு என்றால் படிக்கிறவர் கட்டுகிற காசு என்றுதான் எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். இந்த வேலையில் அப்ரெண்டிஸுக்கு முதல் நாளிலிருந்தே சம்பளம் உண்டு, தேர்ந்தவர் எடுப்பதில் இத்தனை வீதம் என்று தொடங்கி வருடா வருடம் கூடும். பெரிய செலவு கம்பனிக்குத்தான். ரொறொன்ரோவில் பல தெருக்களில் 27.6 கிலோவோல்ட் லைன் ஓடுகிறது, அதில் பழகுபவரைத் தனியே விட முடியாது, தேர்ந்த ஒருவர் பக்கத்திலேயே நிற்கவேண்டும், ஆக இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்து கிட்டத்தட்ட ஒரு ஆளின் வேலைதான் நடக்கும். இவ்வளவும் செய்து முடிய அவர் வேறு கம்பனிக்குப் போய்விட்டால் போட்ட காசும் போச்சு. ஆகவே எத்தனை பேர் விண்ணப்பித்தாலும் கொஞ்சப் பேரைத்தான் எடுப்பார்கள். ஆள் தட்டுப்பாடு பெரும்பாலும் இந்த வாசலில்தான் உண்டாகிறது.

இதோடு ட்ரக் ஓட்டுவதை வைத்துப் பாருங்கள். ஒன்ராறியோவில் ‘ஏ’ வகுப்பு லைசன்ஸுக்கு 2017 ஜூலையிலிருந்து குறைந்தது 103.5 மணித்தியாலக் கட்டாயப் பயிற்சி. காசு கட்டினால் சில வாரங்களில் முடிந்துவிடும். 2021இல் சரக்கு குவிந்து ஓட்டுநருக்குத் தட்டுப்பாடு வந்தபோது சம்பளம் ஏறியது, அதைப் பார்த்து ஆட்கள் திரண்டு போனார்கள், பிறகு சரக்கு குறைய அந்த ஏற்றம் நிலைக்கவில்லை. லைன் வேலைக்கு இன்றைக்குத் தட்டுப்பாடு வந்தால் புது ஆள் தனியாக நின்று வேலை செய்ய நாலு வருடம் ஆகும். அதுவரைக்கும் இருப்பவர் கேட்பதைக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

ஆபத்துக்குத்தானே காசு என்பீர்கள். கூரை வேலை செய்பவர் விழுந்தாலும் சாவுதான், ஆனால் அவருக்கு லைன்மன் சம்பளம் இல்லை. ஆபத்துக்கு விலை வரவேண்டுமென்றால் ‘இந்த விலைக்கு மாட்டேன்’ என்று சொல்லக்கூடியவராக நீங்கள் இருக்கவேண்டும், நீங்கள் விட்ட இடத்தில் அடுத்தவர் உடனே ஏறிவிடக் கூடாது. பாதுகாப்பில்லாத வேலையை மறுக்கும் உரிமை இங்கே சட்டத்தில் பெரும்பாலான வேலையாட்களுக்கு இருக்கிறது, ஆனால் வாடகைக்கு அந்தரப்படுகிற புது ஆள் அதைப் பாவித்ததை நான் கண்டது குறைவு. லைன்மனுக்குப் பின்னால் பெரும்பாலும் யூனியன் நிற்கும்.

அதோடு அவர் பிழை விட்டால் அடிபடுவது அவர் மட்டுமில்லை, கூட நிற்பவரும் போகலாம், ஒரு ஆஸ்பத்திரியே இருளலாம். பிழை விடாதவருக்காகக் கம்பனி கூடக் கொடுக்கும். 2013 டிசம்பர் பனிமழையில் இந்த நகரத்தில் மட்டும் கிட்டத்தட்ட 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. கிறிஸ்மஸ் நாளிலும் இவர்கள் லைனில்தான் நின்றார்கள். அப்படியான நாட்களின் ஓவர்டைமும் சேர்ந்துதான் நீங்கள் கேள்விப்படுகிற தொகை வருகிறது, சும்மா நாளில் பலருக்கு மூன்று மடங்கு இருக்காது.

உங்கள் பி.கொம் தரம் குறைந்தது என்று யாரும் சொன்னால் கேட்காதீர்கள். இங்கே கம்பனிக்காரருக்கு அதை நிறுக்கத் தெரியாது, அவ்வளவுதான். கணக்கியல் பக்கம் போவதானால் முதலில் பட்டத்தை இங்கே மதிப்பிடக் கொடுங்கள், அவர்கள் குறை சொல்லும் பாடங்களை மட்டும் செய்து சிபிஏ என்ற கணக்காளர் தகுதி வழியில் ஏறலாம். அது சில வருடப் பாதை. கைத்தொழில்தான் விருப்பம் என்றால் அரசு காசில் நடக்கும் முன்-அப்ரெண்டிஸ் வகுப்புகள் இருக்கின்றன, அதில் லைன் வேலை கிடைக்காவிட்டாலும் எலெக்ட்ரீஷியன் பக்கம் பாருங்கள். அதற்கு 9,000 மணித்தியாலம், முடிவில் பரீட்சையில் 70 வீதம் எடுக்கவேண்டும். லைன் வேலைதான் என்று நின்றால், விண்ணப்பிக்க முதல் ‘டி’ வகுப்பு லைசன்ஸும் ஏர் பிரேக் சான்றும் எடுத்து வையுங்கள். லைன் வேலைக்குப் போகும் பெரிய ட்ரக்கை நீங்களும் ஓட்டவேண்டி வரும், அது இல்லாத விண்ணப்பத்தைப் பல இடங்களில் பார்க்கவே மாட்டார்கள்.