குடியேற்றம் குடியாத்தம் ஆன கதை

"ஐயா, மிகைபுனைவு நாவல் ஒன்று எழுதுகிறேன். மலைநாடு, சமவெளிநாடு என இரண்டு அரசுகள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒரே இனம், இப்போது பகை. ஆளுக்கு 300 வீதம் 600 சொற்கள் உருவாக்கிவிட்டேன். படித்த நண்பர்களோ, பெயர்கள் வாய்க்கு வந்தபடி வைத்தது போல இருக்கின்றன என்கிறார்கள். இலக்கணம், அகராதி, எழுத்துரு மூன்றும் செய்து தர ஒருவர் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?"
— வாசகர், குடியாத்தம்

கொடுக்காதீர்கள். அந்த 600 சொற்களையும் கொஞ்ச நாள் பரணில் போட்டு வையுங்கள்.

சினிமாவுக்குச் சொற்கள் நிறைய வேண்டும். 2015-இல் வந்த பாகுபலி படத்துக்காக மதன் கார்க்கி கிளிக்கி மொழியை அமைத்தபோது சுமார் 750 சொற்களும் 40 இலக்கண விதிகளும் செய்தார் என்று செய்திகள் வந்தன. அங்கே நடிகர் வாயைத் திறந்து மூச்சுவிடாமல் வசனம் பேச வேண்டும். உங்கள் நாவலில் வாசகர் கண்ணில் படப்போவது ஊர்ப் பெயர், ஆற்றுப் பெயர், குலப் பெயர், ஆள் பெயர், ஒரு வணக்கம், இரண்டு வசைச் சொற்கள். 40 வேர்ச்சொற்கள் இருந்தால் தாராளம்.

உங்கள் நண்பர்கள் சொல்வது சரிதான். ஒரே இனம் பிரிந்து இரண்டானது என்று கதையில் எழுதிவிட்டு, மொழியை மட்டும் இரண்டு தனித்தனி நோட்டுகளில் எழுதியிருக்கிறீர்கள். மலையில் ஆற்றுக்கு ஒரு சொல், சமவெளியில் அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு சொல். அப்படியானால் அவர்கள் எப்போது ஒன்றாக இருந்தார்கள்? வாசகருக்கு மொழியியல் தெரியாது, ஆனால் காது உண்டு. பெயர்களுக்குள் உறவு இருந்தால் அது கேட்கும். இல்லாவிட்டால் அதுவும் கேட்கும்.

உறவை எப்படி உண்டாக்குவது? நீங்கள் குடியிருக்கும் ஊரின் பெயரையே பாருங்கள். குடியேற்றம் என்பது குடியாத்தம் ஆனது. காற்று காத்தானது, நேற்று நேத்தானது, சோற்றுப்பானை சோத்துப்பானை ஆனது. ற்ற வரும் இடத்தில் பெரும்பாலும் நம் வாய் த்த என்றுதான் சொல்கிறது. அதாவது ஊர்ப் பெயர் தன்னிஷ்டத்துக்குக் கெட்டுப்போகவில்லை, விதிப்படி தேய்ந்தது. பக்கத்தில் சோளிங்கரும் அப்படியே. சோழசிங்கபுரம் என்ற நீண்ட பெயரில் ழகரம் ளகரமாகி, நடுவும் கடைசியும் தேய்ந்து, இன்று பஸ் பலகையில் நான்கு எழுத்துக்கு மேல் கொஞ்சம்தான் மிச்சம்.

இன்னும் கொஞ்சம் மேற்கே போங்கள். வேலூரிலிருந்து பெங்களூருக்குப் பஸ் ஏறினால் பள்ளி என்று முடியும் ஊர்கள் குறைந்து, ஹள்ளி என்று முடியும் ஊர்கள் வரத் தொடங்கும். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. பத்து, ஹத்து. புலி, ஹுலி. பல், ஹல்லு. பழைய கன்னடத்திலும் இவை பகரத்தோடுதான் இருந்தன. பிறகு சொல்லின் முதலில் நின்ற பகரம் ஹகரமானது. இந்த நான்கு இணைகளைக் காட்டினால் பள்ளிக்கூடப் பிள்ளைகூட "இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள்" என்று சொல்லிவிடும். உங்கள் நாவலில் நடக்க வேண்டியது இதுதான். இரண்டு நாடும் ஒன்று என்று கதைசொல்லி வாய்விட்டுச் சொல்லக் கூடாது. எட்டாவது அத்தியாயத்தில் வாசகர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். தான் கண்டுபிடித்ததை யாரும் பொய் என்று எண்ணமாட்டார்கள்.

'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் செய்ததும் இதே வேலைதான். அவர் மொழிவரலாற்றுப் பேராசிரியர். எல்ஃப் இனத்துக்கு அவர் அமைத்த குவென்யா, சிந்தாரின் என்ற இரண்டு மொழிகளும் ஒரே தாய்மொழியிலிருந்து விதிப்படி பிரிந்தவை. அன்னப்பறவைக்கு ஒன்றில் அல்க்வா, மற்றதில் அல்ஃப். ஆனால் அவரை அப்படியே பின்பற்றினால் தமிழில் கால் இடறும். தந்தைக்கான சொல் குவென்யாவில் வல்லொலியோடும் சிந்தாரினில் மெல்லிய ஒலியோடும் வரும். ஆங்கில எழுத்தில் அந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். தமிழில் எழுதினால் இரண்டுமே அதர்! நம் எழுத்தில் க, த, ப எல்லாம் நிற்கும் இடத்துக்கு ஏற்ப வன்மையாகவும் மென்மையாகவும் ஒலிப்பவை. ஆகவே எழுத்தில் கண்ணுக்குத் தெரியும் மாற்றங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலக் காணொளிகளைப் பார்த்து மொழி செய்கிறவர்கள் எல்லோரும் விழும் குழி இது.

இப்போது உங்கள் நாட்டுக்கே செய்து பார்ப்போம். தாய்மொழியில் மூன்று சொற்கள்: பாரு என்றால் ஆறு, தோபா என்றால் பாறை, கிபேலு என்றால் கோட்டை. மலைநாட்டார் வெளியுலகத் தொடர்பு இல்லாமல் இவற்றை அப்படியே காப்பாற்றினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமவெளியில் மூன்று மாற்றங்கள் நடந்தன. சொல்லின் முதலில் நின்ற ப, ஹ ஆனது. இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே அகப்பட்ட ப, வ ஆனது. அதற்குப் பிறகு, முதலசையில் இல்லாத குறில் உகரம் விழுந்தது.

சமவெளியில் ஆறு ஹார், பாறை தோவா, கோட்டை கிவேல். ஆற்றங்கரைக் கோட்டையை மலைநாட்டார் பாருகிபேலு என்பார்கள், சமவெளியார் ஹார்கிவேல் என்பார்கள். பாறையாற்றின் பெயர் மலையில் தோபாபாரு. சமவெளியில் அது தோவாவார். கவனித்தீர்களா? தனியாக நின்றால் ஹார் என்று வரும் ஆறு, இங்கே சொல்லின் நடுவில் அகப்பட்டதால் வார் ஆகிவிட்டது. இதை நீங்கள் திட்டமிடவில்லை, விதி தானாகச் செய்தது. சமவெளிக் குழந்தைக்கே தன் ஊர்ப் பெயரின் கடைசியில் ஆறு ஓடுவது தெரியாது. குடியாத்தத்தில் எத்தனை பேருக்குக் குடியேற்றம் நினைவிருக்கிறது?

விதிகளின் வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். சாருபா என்றொரு சொல் இருந்து, உகரம் முதலில் விழுந்தால் சார்பா என்று நின்றுவிடும். பகரம் முதலில் மாறினால் சார்வா ஆகும். ஒரு பக்கத்தில் அப்படியும் இன்னொரு பக்கத்தில் இப்படியும் வந்தால், எங்கேயோ இடிக்கிறது என்று வாசகருக்குத் தோன்றும். வரிசையை ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள்.

விதிவிலக்குகள் வேறு பல உண்டு. அவற்றை விடுங்கள். ஒன்றை மட்டும் விடாதீர்கள்: கடன் வாங்கிய சொல். கன்னடத்தில் பால் ஹாலு ஆனது, ஆனால் புத்தகம் புஸ்தகவாகவே இருக்கிறது, பாதம் பாதவாகவே இருக்கிறது. மாற்றம் ஓய்ந்த பிறகும் வடமொழிச் சொற்கள் வந்துகொண்டேயிருந்தன, அதனால் அவற்றில் பகரம் பிழைத்தது. இதை உங்கள் நாட்டில் வையுங்கள். சமவெளி மொழியில் ப என்று தொடங்கும் எந்தச் சொல்லும் பூர்விகச் சொல்லாக இருக்க முடியாது. கடல் வணிகர்கள் கொண்டுவந்த கப்பல் பாய்க்குப் பலோன் என்று பெயர் வைக்கலாம். காகிதம், வெடிமருந்து, புதிய நாணயம் எல்லாம் பகரத்தில் தொடங்கலாம். நிலம், நீர், தாய், உப்பு தொடங்கக் கூடாது. இப்போது சமவெளி அரச குலத்துக்குப் பரேனர் என்று பெயர் சூட்டுங்கள். "இந்த மண்ணில் முதலில் ஏர் பிடித்தவர்கள் நாங்கள்" என்று அவர்கள் கல்வெட்டில் பீற்றிக்கொள்ளட்டும். முதல் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும். மாற்றம் முடிந்த பிறகு வந்து சேர்ந்தவர்கள்தான் அவர்கள். கடல்வழி வந்திருக்கலாம், அல்லது பகரத்தை இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கும், அவர்களே பகைக்கும் மலையிலிருந்து இறங்கியிருக்கலாம்.

மக்கள் சொல்லும் தவறான விளக்கமும் வேண்டும். ஆற்காடு என்றால் ஆறு காடு, ஆறு முனிவர்கள் தவமிருந்த காடுகள் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். ஆர் என்ற ஆத்திமரக் காடு என்று புலவர்கள் மறுப்பார்கள். சமவெளிப் பாட்டி ஒருத்தி தோவாவார் என்ற பெயருக்குத் தோவா என்ற கற்பு மிக்க பெண்ணின் கதை சொல்லட்டும். உண்மையில் அது வெறும் பாறையும் ஆறும் என்பது மலையிலிருந்து வந்தவனுக்கு மட்டும் புரியட்டும்.

கிரந்த எழுத்தையும் ஆய்தத்தையும் பற்றி ஒரு வார்த்தை. க்ஷ, ஸ்ர, ஃ மூன்றையும் அள்ளித் தெளித்தால் அந்நிய மொழி ஆகிவிடும் என்று நம்புகிறவர்கள் அதிகம். ஆகாது, அச்சுப்பிழை போலத்தான் தெரியும். மேலே ஹகரம் ஒன்றை மட்டும் எடுத்தேன், அதற்கு ஒரு காரணமும் வரலாறும் உண்டு.

அந்த 40,000 ரூபாய்க்காரருக்கு வருகிறேன். இப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். பெரும்பாலும் அவர்கள் தருவது தமிழ் வாக்கியத்தின் சொற்களை மட்டும் மாற்றிய சங்கேதம்தான். என் நண்பர் ஒருவர் பணம் கொடுத்து வாங்கிய அகராதியில் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை வரிசை முதல் வேற்றுமை உருபு வரை அச்சு அசலாகத் தமிழ். எழுத்துரு மட்டும் கொடிகொடியாக அழகாக இருந்தது. ஒரு சோதனை சொல்கிறேன். "எனக்குப் பசிக்கிறது", "எனக்கு அவரைத் தெரியும்", "எனக்கு வீடு இருக்கிறது" என்ற மூன்றையும் மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். மூன்றிலும் எனக்கு என்பதற்கு ஒரே சொல் ஒரே உருபோடு வந்தால், ஏன் அப்படி என்று கேளுங்கள். தெலுங்கிலும் கன்னடத்திலும் அப்படி உண்டு, அதனால் அது குற்றமில்லை. ஆனால் தெரிந்து செய்தவர் காரணம் சொல்வார், சங்கேதக்காரர் விழிப்பார். அடுத்து, இரண்டு மொழிகளிலும் ஆற்றுக்கான சொற்களைக் கேட்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் விதியைக் கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

இவர்கள் பிழைப்பதற்கு நம் ஏற்பாடுகளும் காரணம். சில பதிப்பாளர்களும் பரிசுக் குழுக்களும் நாவலின் கடைசியில் அகராதிப் பின்னிணைப்பு இருக்கிறதா என்று பக்கத்தை எண்ணுகிறார்கள். உள்ளே பெயர்கள் ஒன்றோடொன்று பேசுகின்றனவா என்று பார்ப்பதில்லை. அரசாங்கமும் அப்படித்தான். 2020 ஜூனில் 1,018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துகளை உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றிய அரசாணை வெளியானது. வேலூர் என்பதைப் படித்தால் வீலூர் என்று வந்தது! சில நாட்களில் ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். மேசையில் உட்கார்ந்து ஊர்ப் பெயர் செய்தால் இந்தக் கதிதான். நாவலாசிரியரின் மேசையானாலும் கோட்டையின் மேசையானாலும்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். 600 சொற்களில் மலைநாட்டுப் பட்டியலைத் தாய்மொழியாக வைத்துக்கொண்டு, அதில் நாவலில் உண்மையிலேயே வரும் 40 சொற்களைப் பொறுக்குங்கள். சமவெளிப் பட்டியலைக் கிழித்துவிட்டு, அந்த 40-ஐயும் மூன்று விதிகளிலும் வரிசையாக நுழைத்து எடுங்கள். இரண்டு மாலைப் பொழுதுகள் போதும். வரைபடத்தை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், சமவெளிப் பகுதியில் பகரத்தில் தொடங்கும் ஊர் எது மிஞ்சியிருக்கிறது என்று விரலை வைத்துத் தேடுங்கள். மிஞ்சியிருந்தால் அழிக்க வேண்டாம். அந்த ஊரில் யார் எப்போது வந்து குடியேறினார்கள் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.