குழு வேண்டாம், சேனல் போதுமா?

கேள்வி: காட்பாடியில் காய்கறிக் கடை வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களுக்கு நடுவே என் விலைப்பட்டியல் காணாமல் போகிறது. பிராட்காஸ்ட் லிஸ்ட் போடலாமா, சேனலா?

சேனல்தான் சரி. பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் ஒரு சிக்கல் உண்டு: உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். கடைக்கு வருபவர்களில் பாதிப் பேராவது சேமித்திருப்பார்களா? அதோடு ஒரு லிஸ்ட்டில் 256 பேர்தான்.

வாட்ஸ்அப்பில் Updates பகுதிக்குப் போய் + அழுத்தினால் சேனல் தொடங்கலாம். இணைப்பை கியூஆர் படமாக்கிக் கல்லாவில் ஒட்டிவிடுங்கள். சேர்பவர்களின் எண் மற்ற வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. பெண்கள் பலர் குழுவில் சேரத் தயங்குவதே எண் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதால்தானே.

குடியாத்தத்தில் என் சித்தி புடவை விற்கச் சேனல் தொடங்கியபோது, முதல் வாரம் ஒருவரும் அசையவில்லை. காரணம், சேனல் அறிவிப்புகள் தொடக்கத்தில் சத்தமில்லாமல்தான் இருக்கும். சேர்பவரிடம் அங்கேயே மணிச் சின்னத்தை அழுத்தச் சொல்லுங்கள்.

அப்புறம், சேனலில் சாதாரணப் பதிவுக்கு யாரும் பதில் எழுத முடியாது, எமோஜி போடலாம். அதனால் ஒவ்வொரு பதிவின் அடியிலும் உங்கள் எண்ணுடன் இந்த இணைப்பு இருக்கட்டும்:

```
https://wa.me/91XXXXXXXXXX
```

"இலவம்பாடி முள்கத்தரி வந்திருக்கிறது, மதியம் வரைதான்" என்று காலை ஆறரைக்கு ஒரே பதிவு போடுங்கள். வேண்டுபவர் இணைப்பைத் தட்டி உங்களிடம் தனியாகச் சொல்லிவிடுவார். சேனல் பதிவுகள் 30 நாள்தான் சர்வரில் இருக்கும். தினசரி விலைக்கு அது தாராளம்.